குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு ஒரு போர்ட்: கப்பாசிட்டர் எங்கே, கிரவுண்ட் எந்த வழியால்?

இரண்டு அடுக்கு போர்ட்டை முதன்முதலாக வரைகிறவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிதான். சுற்று சின்னது. 28 கால் உள்ள ஏடிமெகா328பி ஒன்று, 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், வெப்பநிலை பார்க்க எல்எம்35, பெட்டிக்குள் எரியும் குண்டு பல்பைப் போட்டு நிறுத்த 5 வோல்ட் ரிலே, சக்திக்கு 5 வோல்ட் அடாப்டர். ஆனால் முட்டைக்கு வேண்டியது 37.5 பாகை செல்சியஸ். அரைப் பாகை பிசகினாலே கவலைப்பட வேண்டும். வேறு வேலைகளில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் கிரவுண்ட் பிழை இதில் உடனே தெரிந்துவிடும்.

கொக்குவிலில் ஊர்க்கோழி வளர்க்கும் ஒரு தம்பி இதே சுற்றைத் தானே வரைந்து, போர்ட் அடிப்பித்து எடுத்துக்கொண்டு வந்தான்.

“அண்ணை, 37.5 வந்தவுடனே ரிலே டக் டக் எண்டு விடாம அடிக்குது. புரோகிராமில பிழை இல்லை, ரெண்டு தரம் பார்த்திட்டன்.”

“பல்பைக் கழட்டிப் போட்டுப் பார்த்தனியோ?”

“ஓம் அண்ணை. 37.5 வந்த பிறகு பல்பைக் கழட்டினாலும் அடிக்குது.”

பல்பு இல்லை என்றால் சூடு ஏறாது. பிறகு எதை அளந்து ரிலே போடுகிறது, நிறுத்துகிறது? போர்ட்டைத் திருப்பிப் பார்த்தால் விடை அங்கேயே இருந்தது. அடாப்டர் சொக்கெட்டும் ஐசியும் ஒரு பக்கம். ரிலேயும் எல்எம்35உம் மறுபக்கம். அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிரவுண்ட் ட்ராக், 0.25 மில்லிமீட்டர் அகலத்தில், ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓடியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண போர்ட்டில் செப்பின் தடிப்பு 35 மைக்ரோமீட்டர். அந்தத் தடிப்பில், நீளமும் அகலமும் சமமான ஒரு சதுரத் துண்டின் தடை சுமார் 0.5 மில்லி ஓம். சதுரம் பெரிதோ சிறிதோ அந்தத் தடை மாறாது. 50ஐ 0.25ஆல் பிரித்தால் 200 சதுரம், அதாவது 0.1 ஓம். பெரும்பாலான 5 வோல்ட் ரிலேயின் சுருள் 70 ஓம் அளவில் இருக்கும். எனவே ரிலே போட்டிருக்கும்போது 71 மில்லி அம்பியர் அந்த ட்ராக்கால் திரும்பி வருகிறது. 0.1 ஓமில் 71 மில்லி அம்பியர் ஓடினால் 7 மில்லிவோல்ட்.

எல்எம்35 ஒரு பாகைக்கு 10 மில்லிவோல்ட் தரும். அதன் கிரவுண்ட் கால் ஐசியின் கிரவுண்டை விட 7 மில்லிவோல்ட் மேலே ஏறிவிட்டதால், ஐசிக்கு வெப்பநிலை 0.7 பாகை கூடுதலாகத் தெரிகிறது. ரிலே போட்டவுடன் சூடு ஏறியதுபோல் தெரிய, புரோகிராம் நிறுத்துகிறது. நிறுத்தியவுடன் 0.7 பாகை இறங்க, திரும்பப் போடுகிறது. ரிலேயைப் போடும் வெப்பநிலைக்கும் நிறுத்தும் வெப்பநிலைக்கும் இடையில் தம்பி வைத்த இடைவெளி வெறும் 0.3 பாகை. அடிக்காமல் என்ன செய்யும்?

அந்த போர்ட்டைக் காப்பாற்றுவது சுகம். ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டரின் எமிட்டரைக் கிரவுண்ட் ட்ராக்கிலிருந்து வெட்டி, தடித்த வயர் ஒன்றால் நேரே அடாப்டர் சொக்கெட்டுக்குக் கொண்டுபோனால் போதும். ஆனால் புதிதாக வரைகிறவர் வயர் ஒட்டத் தேவையில்லாதபடி வரையலாம். இதோ வேலை வரிசை.

ட்ராக் இழுக்க முன்னர் பொருட்களை வை

போர்ட் வரையும் மென்பொருளான KiCad இல் ஐசியை நடுவில் வைத்துவிட்டு மற்றதை எல்லாம் சுற்றி அடுக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் வருகிறது. அதற்கு முன், சுற்றில் எந்த மின்னோட்டம் பெரியது, அது எங்கிருந்து புறப்பட்டு எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். இங்கே பெரியது ரிலேயின் 71 மில்லி அம்பியர். அது அடாப்டர் சொக்கெட்டில் புறப்பட்டு, சுருளுக்குள் போய், டிரான்சிஸ்டர் வழியால் திரும்ப அதே சொக்கெட்டுக்கு வருகிறது. ஆகவே சொக்கெட், ரிலே, டிரான்சிஸ்டர், சுருளுக்குக் குறுக்கே போடும் டையோட் நான்கும் ஒரே ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும் இந்தக் கூட்டத்தோடுதான். அடாப்டரின் நீள வயருக்குப் பின்னால் ரிலே திடீரென்று கேட்கும் மின்னோட்டத்தை அது கொடுக்கும்.

ஐசி அதற்கு அடுத்து. எல்எம்35 கனெக்டர் ஐசிக்கு மறுபக்கம், ரிலேயிலிருந்து எட்ட. இப்படி வைத்தால் ரிலேயின் மின்னோட்டம் ஐசிக்குக் கீழாலோ சென்சருக்குக் கீழாலோ போகக் காரணமே இல்லை. பிறகு செய்யும் வேலைகளில் பாதி இந்த ஒழுங்கிலேயே முடிந்துவிடுகிறது.

ரிலேயின் 230 வோல்ட் பக்கத்தைப் போர்ட்டின் விளிம்பை நோக்கித் திருப்புங்கள். அந்தப் பக்கச் செப்புக்கும் 5 வோல்ட் பக்கச் செப்புக்கும் இடையில் 8 மில்லிமீட்டராவது வெறும் போர்டாக இருக்கட்டும். கிரவுண்ட் செப்பையும் அங்கே பரப்பக் கூடாது. இதில் மட்டும் இடம் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

104 கப்பாசிட்டர்: அளவை விட இடம்

மேலே 104 என்று எழுதியிருக்கும் சின்ன செராமிக் கப்பாசிட்டர் 100 நானோ ஃபாரட். ஐசியின் சக்திக் கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றுப்படத்தில் அவற்றை ஒரு மூலையில் வரிசையாக வரைவது வழக்கம். போர்ட்டிலும் அவை அதே மூலையில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். சுற்றுப்படம் அதைப் பிழை என்று சொல்லாது. இணைப்புச் சரிபார்ப்பும் சொல்லாது.

ஏன் பக்கத்தில் வைக்க வேண்டும்? ஐசிக்குள் சுவிட்ச்கள் மாறும்போது 20 மில்லி அம்பியர் 5 நானோ செக்கனில் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 நானோ செக்கனுக்கு வேண்டிய மின்னேற்றத்தைக் கொடுத்தால் 100 நானோ ஃபாரட்டின் வோல்டேஜ் ஒரு மில்லிவோல்ட் கூட இறங்காது. எனவே கப்பாசிட்டருக்குக் கொடுக்க முடியும். கேள்வி, அது நேரத்துக்கு ஐசிக்குப் போய்ச் சேருமா என்பதுதான். அடியில் கிரவுண்ட் செப்பு இல்லாத மெல்லிய ட்ராக்கின் இண்டக்டன்ஸ் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் ஒரு நானோ ஹென்ரி. கப்பாசிட்டர் 25 மில்லிமீட்டர் எட்ட இருந்தால் போக 25, வர 25 என்று மொத்தம் 50 நானோ ஹென்ரி.

```
V = L × ΔI / Δt
50 nH × 20 mA / 5 ns = 0.2 V
 6 nH × 20 mA / 5 ns = 0.024 V
```

இரண்டாவது வரி, கப்பாசிட்டர் 3 மில்லிமீட்டரில் இருந்தால் வருவது. அதே கப்பாசிட்டர், அதே ஐசி, எட்டு மடங்கு வித்தியாசம். 100 நானோவுக்குப் பதில் 1 மைக்ரோ போட்டாலும் முதல் வரி மாறாது, ஏனென்றால் அந்தக் கணக்கில் கப்பாசிட்டரின் அளவே வரவில்லை. கணக்கில் வருவது, சக்திக் காலிலிருந்து கப்பாசிட்டருக்குப் போய்க் கிரவுண்ட் காலுக்குத் திரும்பும் முழு வளையம். 5 வோல்ட் பக்கத்தைக் கிட்ட வைத்துவிட்டுக் கிரவுண்ட் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால் பிரயோசனமில்லை.

28 கால் ஏடிமெகாவில் இது வசதியாகவே அமைந்திருக்கிறது. 7ஆம் கால் 5 வோல்ட், 8ஆம் கால் கிரவுண்ட், இரண்டும் பக்கத்தில். 0805 அளவு சிப் கப்பாசிட்டரை, கால் வரிசைக்கு வெளியே, வரிசைக்குச் சமாந்தரமாக அந்த இரண்டுக்கும் நேரே வையுங்கள். ஒரு முனை 7க்கு, மறுமுனை 8க்கு, நேர்கோடாக, மேல்பக்கத்திலேயே. சிப் கப்பாசிட்டர் ஒட்டக் கை வராவிட்டால் கால் வைத்த 104ஐப் போடலாம், ஆனால் கால்களை ஒட்ட வெட்டி, உடம்பு போர்ட்டில் படியும்படி இறக்குங்கள். மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் காலும் வளையத்தில் சேர்ந்ததுதான்.

5 வோல்ட் ட்ராக் வெளியிலிருந்து வரும்போது முதலில் கப்பாசிட்டரின் முனையைத் தொட்டுவிட்டு 7ஆம் காலுக்குப் போகட்டும். கிரவுண்ட் முனையை 8ஆம் காலோடு மேல்பக்கத்தில் இணைத்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து கீழ்ச் செப்புக்கு இறங்க வேண்டும். 8ஆம் கால் துளை வழியாகக் கீழே போவதால் அந்த இடத்தில் இரண்டு பக்கச் செப்பையும் இணைக்கும் துளையான வயா தனியாகத் தேவையில்லை.

மறுபக்கத்தில் 20ஆம் கால் அனலொக் பகுதிக்குச் சக்தி கொடுக்கும் AVCC, 21ஆம் கால் எந்த வோல்டேஜோடு ஒப்பிட்டு அளப்பது என்பதற்கான AREF, 22 கிரவுண்ட். AVCCக்கும் 22க்கும் இடையில் ஒரு 104, AREFக்கும் 22க்கும் இடையில் இன்னொன்று. AVCCக்கு வரும் 5 வோல்ட்டை 10 மைக்ரோ ஹென்ரி சுருள் ஒன்றின் வழியால் எடுக்கச் சொல்கிறது ஐசியின் டேட்டாஷீட். வெப்பநிலை அளக்கும் போர்ட்டில் அதைப் போடுவது நல்லது. AREFக்கு வேறு எதையும் இணைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் 1.1 வோல்ட்டைத்தான் பாவிக்கப் போகிறோம், அதற்கு 104 மட்டும் போதும்.

கீழ்ப்பக்கம் முழுக்கக் கிரவுண்ட், ஆனால் உண்மையிலேயே முழுக்கவா?

ட்ராக்குகளை மேல்பக்கத்தில் இழுத்துவிட்டு, கீழ்ப்பக்கமான B.Cu இல் GND செப்பைப் பரப்பி, `B` அழுத்தினால் நிரம்பிவிடும். பச்சையோ நீலமோ முழுக்க நிறம் விழுந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்போம். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

நேர்மின்னோட்டம் தடை குறைந்த வழியைத் தேடிச் செப்பு முழுவதும் பரவித் திரும்பும். வேகமாக மாறும் மின்னோட்டம் அப்படியல்ல, வளையம் சிறிதாக இருக்கும் வழியைத் தேடும். அதாவது மேலே ட்ராக் எந்த வழியால் போகிறதோ, அதற்கு நேர் கீழாலேயே திரும்பும். 1.6 மில்லிமீட்டர் போர்ட்டில் அப்படித் திரும்புவதில் சுமார் 80 வீதம், ட்ராக்கின் இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டைக்குள் செப்பை யாராவது குறுக்கே வெட்டியிருந்தால் அது சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். வளையம் பெருக்க, இரைச்சலும் பெருக்கும்.

யார் வெட்டுவார்? பெரும்பாலும் நாங்களேதான். மேல்பக்கத்தில் இடமில்லாத ஒரு ட்ராக்கைக் கீழே இறக்கி 40 மில்லிமீட்டர் இழுத்துவிட்டால், அது கிரவுண்ட் செப்பை இரண்டாகப் பிளக்கிறது. கீழே இறங்காமல் இருக்க முடியாது என்பது சரி. இறங்கினால் 5, 10 மில்லிமீட்டரில், குறுக்கே வரும் ட்ராக்கைத் தாண்டியவுடன் மேலே ஏறிவிடுங்கள். இரண்டு மூன்று ட்ராக் இறங்க வேண்டியிருந்தால் பக்கத்துப் பக்கமாக இறக்காமல், இடையில் செப்பு ஓடும்படி தள்ளித் தள்ளி இறக்குங்கள்.

இன்னொரு வெட்டு இருக்கிறது, அதை யாரும் வரைவதில்லை. ஐசியின் கால்களுக்கு இடைத்தூரம் 2.54 மில்லிமீட்டர். KiCad தரும் 28 கால் வடிவத்தில் ஒவ்வொரு காலைச் சுற்றியும் 1.6 மில்லிமீட்டர் பேட். செப்பைப் பரப்பும்போது இடைவெளி என்று அதுவாகவே காட்டும் அளவு 0.5 மில்லிமீட்டர். 1.6ஓடு இரண்டு பக்கமும் 0.5 கூட்டினால் 2.6. அது 2.54ஐ விடக் கூட. விளைவு, அடுத்தடுத்த கால்களின் வெறுமை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. 33 மில்லிமீட்டர் நீளக் கால் வரிசை முழுக்கக் கிரவுண்டில் ஒரு பிளவு, இரண்டு வரிசைக்கும் இரண்டு பிளவு. கிரவுண்ட் காலான 8இலும் 22இலும் மட்டும்தான் செப்பு வரிசையைத் தாண்டும். மற்றக் கால்களின் திரும்பு மின்னோட்டம் எல்லாம் அந்த ஒரு இடத்துக்கோ வரிசையின் முனைகளுக்கோ போய்ச் சுற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பரப்பின் இடைவெளியை 0.3 என்று மாற்றித் திரும்ப `B` அழுத்துங்கள். 1.6ஓடு 0.6 சேர்த்தால் 2.2, ஒவ்வொரு இரண்டு காலுக்கும் இடையில் 0.34 மில்லிமீட்டர் செப்பு மிஞ்சும். ஃபக்டரியில் அடிக்கும் போர்ட்டுக்கு இது பெரிய விசயமில்லை. வீட்டில் அயன் பெட்டியால் டோனர் ஒட்டி அமிலத்தில் போடுகிறவர்கள் அந்த மெல்லிய செப்பு கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு போர்ட்டில் இன்னொரு தொல்லை, துளைக்குள் செப்புப் பூச்சு இல்லை. வயா என்று வரைந்த இடமெல்லாம் வயர்த்துண்டு செருகி இரண்டு பக்கமும் ஈயம் வைக்க வேண்டும். மலிவான ஐசி சொக்கெட்டுக்கு மேல்பக்கத்தில் ஈயம் வைக்க இடமே கிடைக்காது. வட்டத் துளை உள்ள சொக்கெட் விலை கொஞ்சம் கூட, ஆனால் அதன் கால்களுக்கு மேலிருந்தும் ஈயம் வைக்கலாம்.

கிறிஸ்டல் 9, 10ஆம் கால்களில் வருகிறது. அதன் இரண்டு 22 பிகோ ஃபாரட் கப்பாசிட்டர்களின் கிரவுண்ட் முனைகள் 8ஆம் காலுக்குக் கிட்டவே செப்பில் இறங்கட்டும். கிறிஸ்டலுக்குக் கீழே வேறு ட்ராக் வேண்டாம்.

அனலொக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று செப்பை இரண்டாகப் பிரித்து ஒரு புள்ளியில் இணைக்கும்படி சிலர் சொல்வார்கள். இந்த மாதிரி போர்ட்டில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரித்த கோட்டைத் தாண்டி ஒரு ட்ராக் போனாலும் மேலே சொன்ன சுற்று வழிதான். ரிலேயை ஓரத்தில் வைத்தாயிற்று. முழுச் செப்பில் ஒன்றிரண்டு சதுரத்தைத் தாண்ட அதன் மின்னோட்டம் உண்டாக்குவது 0.1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, பாகையில் நூறில் ஒன்று. பிரிக்க என்ன இருக்கிறது?

ஓடர் கொடுக்க முன்னர் மேல் அடுக்கை மறைத்துவிட்டு B.Cu ஐ மட்டும் பாருங்கள். 8ஆம் காலில் விரலை வைத்து அடாப்டர் சொக்கெட் வரை செப்பை விடாமல் போக முடிகிறதா? எல்எம்35 கனெக்டரிலிருந்து 22ஆம் காலுக்கு? வழியில் ஊசிமுனை போன்ற ஒடுக்கம் ஏதும் வருகிறதா? ஒடுக்கம் கண்ட இடத்தில் ட்ராக்கை நகர்த்துங்கள்.

போர்ட் வந்த பிறகு அளந்து பார்

பல்பை இணைக்காதீர்கள், 230 வோல்ட் பக்கமே வேண்டாம். இந்தச் சின்னப் புரோகிராமைப் போடுங்கள். ரிலேயின் டிரான்சிஸ்டர் ஆர்டுயினோ எண் 8இலும், அதாவது ஐசியின் 14ஆம் காலிலும், எல்எம்35 A0இலும் இருப்பதாக எழுதியிருக்கிறேன்.

```cpp
const int RELAY = 8;

int avg() {
  long s = 0;
  for (int i = 0; i < 64; i++) s += analogRead(A0);
  return s / 64;
}

void setup() {
  Serial.begin(9600);
  pinMode(RELAY, OUTPUT);
  analogReference(INTERNAL);
}

void loop() {
  digitalWrite(RELAY, LOW);
  delay(500);
  Serial.print(avg());
  Serial.print(' ');
  digitalWrite(RELAY, HIGH);
  delay(500);
  Serial.println(avg());
}
```

ஒவ்வொரு வரியிலும் முதல் எண் ரிலே நின்றிருக்கும்போது, இரண்டாவது போட்டிருக்கும்போது. 1.1 வோல்ட்டை 1024ஆகப் பிரித்தால் ஒரு படி 1.07 மில்லிவோல்ட். 37.5 பாகைக்கு 349 அளவில் வரும், யாழ்ப்பாணத்து அறை வெப்பநிலைக்கு 280 அளவில். ஒவ்வொரு சிப்பிலும் அந்த 1.1 கொஞ்சம் முன்பின் இருக்கும், எனவே எண்ணைப் பார்க்க வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தம்பியின் பழைய போர்ட் போல இருந்தால் இரண்டாவது எண் ஆறு ஏழு கூடி நிற்கும். நல்ல போர்ட்டில் இரண்டும் ஒன்று, அல்லது ஒன்று கூடக் குறைய.

வித்தியாசம் நிலையாக வந்தால் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை 22ஆம் காலிலும் மறுமுனையை எல்எம்35இன் கிரவுண்ட் காலிலும் பிடியுங்கள். ரிலே போடும்போது சில மில்லிவோல்ட் ஏறினால் ரிலேயின் மின்னோட்டம் அந்த வழியால்தான் போகிறது. முனையை வழி நெடுக நகர்த்திக்கொண்டு போனால் எந்தத் துண்டில் ஏறுகிறது என்பதும் தெரியும். மீட்டர் அசையவில்லை, எண் மட்டும் மாறுகிறது என்றால் 5 வோல்ட் இறங்குகிறதா என்று 7ஆம் காலில் பாருங்கள். அடாப்டர் வயர் மெல்லியதாக இருந்தாலும் அப்படி வரும்.

சராசரி எடுக்காமல் அச்சடிக்கும்போது எண்கள் தாறுமாறாகத் துள்ளி, சராசரி மட்டும் சரியாக வந்தால் சந்தேகம் வேறு. AVCC, AREF கப்பாசிட்டர்களில் ஒன்று ஒட்டவில்லை, அல்லது எட்ட இருக்கிறது. ஒரு 104ஐக் கால் ஒட்ட வெட்டி, கீழ்ப்பக்கத்தில் நேரே 20க்கும் 22க்கும் ஒட்டிப் பாருங்கள். துள்ளல் அடங்கினால் கண்டுபிடித்தாயிற்று.

7க்கும் 8க்கும் இடையில் உள்ள கப்பாசிட்டரின் தரத்தை மல்டிமீட்டரால் பார்க்க முடியாது, ஒஸிலோஸ்கோப் வேண்டும். பார்க்கும்போது புரோபின் நீண்ட முதலைக் கவ்வி வயரைக் கழற்றிவிட்டு, முனையிலேயே மாட்டும் சின்ன ஸ்பிரிங்கால் 8ஆம் காலைத் தொடுங்கள். நீண்ட வயர் தானே ஒரு வளையம். போர்ட்டில் இல்லாத துள்ளலைத் திரையில் காட்டும், அதை அடக்க வீணாகக் கப்பாசிட்டர் மேல் கப்பாசிட்டர் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, பல்பை இணைத்த பிறகு மட்டும் ஐசி ரீசெட் ஆனால் கிரவுண்ட் செப்பைத் திட்ட வேண்டாம். ரிலேயின் தொடுமுனையில் வரும் பொறிதான் காரணம். 230 வோல்ட் வயர் சென்சர் வயரோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பெட்டிக்குள் பாருங்கள், இரண்டையும் பிரித்து எதிரெதிர்ப் பக்கத்தால் கொண்டுபோங்கள்.